ஜீவனஹள்ளியில் ஒரு மதியச் சாப்பாடு: எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது

ஞாயிற்றுக்கிழமை மதியம் சமைக்க முடியாது என்று தங்கமணி கறாராகச் சொல்லிவிட்டதால் (நியாயம்தான், முந்தின நாள் முழுக்க விருந்தாளிகள்), குடும்பத்தோடு ஜீவனஹள்ளியில் ஒரு மெஸ்ஸுக்குப் போனோம். நம்மூர்க்காரர் நடத்துவது. வேலூர்ப் பக்கம். பெயர் சொல்லப் போவதில்லை, அந்தத் தெருப்பக்கம் இருப்பவர்கள் ஊகிக்கவும் வேண்டாம். காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் வட்டாரத்தில் இருக்கும் நம் பேச்சிலர் பையன்களில் பாதிப்பேர் இந்த மாதிரி நாலைந்து மெஸ்களை நம்பித்தான் காலம் தள்ளுகிறார்கள்.

சாப்பாடு சரியில்லை. அதை விட, திரும்பி வந்த அன்று ராத்திரி விடிகாலை நாலு மணிக்குப் பெண் வாந்தி எடுத்தாள். காலையில் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, கோபம் தலைக்கேறி, உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு எழுதித் தள்ளினேன். தலைப்பு: "இந்தக் கடைப்பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள்". உள்ளே ஒரு மணி நேரம் காக்க வைத்தது, கெட்டுப்போன மீன், கொள்ளை விலை, சாக்கடை மாதிரி சமையலறை, குழந்தைக்கு ஃபுட் பாய்சன், எல்லாம் இருந்தது.

வெளியிடுவதற்கு முன் தங்கமணியிடம் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சமையலறைக்குள்ள நீங்க எப்பங்க போனீங்க?"

போகவில்லை. அதுதான் விஷயமே.

அவள் கேட்டதற்குப் பிறகுதான் வரி வரியாகப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் அந்த ஒரு மணி நேரம். நல்லவேளையாகப் போனில் இரண்டு படங்கள் இருந்தன. உள்ளே நுழைந்ததும் விலைப்பலகையைப் பெண் எடுத்த படம் 2:05. இலையில் சோறு விழுந்ததும் வழக்கம் போல நான் எடுத்த படம் 2:32. ஆக இருபத்தேழு நிமிஷம். பசியில் இருபத்தேழு நிமிஷம் ஒரு மணி நேரமாகத்தான் தெரியும், ஆனால் எழுதும்போது இருபத்தேழு என்று எழுதினாலே போதும். படிக்கிறவருக்கு அதுவே உறுத்தும். ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தால் கடைக்காரர் அந்த ஒன்றைப் பொய் என்று காட்டிவிட்டு மிச்ச எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடலாம்.

அடுத்தது மீன். வஞ்சிரம் வறுவல் இரண்டு துண்டு வாங்கினோம். "கெட்டுப்போன மீன்" என்று எழுதியிருந்தேனே, அது கெட்டுப்போனதா? கொஞ்சம் யோசித்தால் இல்லை. கெட்ட மீன் என்றால் அம்மோனியா மாதிரி ஒரு நெடி அடிக்கும், சதை கொழகொழவென்று உதிரும். (மசாலா தூக்கலாக இருந்தால் நெடி அமுங்கிவிடும் என்பதும் உண்மை, ஆனால் வாயில் வைத்தால் தெரிந்துவிடும்.) எங்கள் துண்டு அப்படி இல்லை. வெளியே நன்றாகச் சிவந்திருந்தது, நடு முள்ளருகே சதை வெள்ளையாக மாறாமல் கண்ணாடி மாதிரி இருந்தது, முள்ளை விட்டுப் பிரியவில்லை. அது வேகாத மீன். கெட்ட மீனை வைத்திருந்தார் என்பது ஒரு மனிதரின் நாணயத்தைப் பற்றிய குற்றச்சாட்டு. எண்ணெய் அதிகம் காய்ந்துவிட்டதால் வெளியே சீக்கிரம் சிவந்து உள்ளே வேகவில்லை என்பது ஒரு சமையல் பிழை. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பரிமாறும் பையனிடம் சொன்னதும் அதே துண்டை எடுத்துப் போய்த் திரும்பப் பொரித்துக் கொண்டு வந்தான், மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அது நடந்தது, அதை எழுதலாம்.

சமையலறையைப் பற்றிய வரியை அடித்துவிட்டேன். நான் பார்த்தது கை கழுவும் இடத்தில் சோப்பு இல்லாததும், எச்சில் மேஜை துடைத்த துணியாலேயே தண்ணீர் டம்ளர் வைக்கும் தட்டையும் துடைத்ததும். அந்த இரண்டையும் அப்படியே எழுதினால், உள்ளே எப்படி இருக்கும் என்று படிக்கிறவர்கள் தாங்களே நினைத்துக்கொள்வார்கள். நான் பார்க்காததை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி வாந்தி. இதில்தான் எனக்கும் தங்கமணிக்கும் அரைமணி நேரம் வாக்குவாதம். "அங்க சாப்பிட்டுத்தான் வாந்தி" என்பது எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயமாக இருந்தது. கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் நாம் எல்லோரும் முதலில் பிடிப்போம். ஆனால் ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆக வைத்த சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அதில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளர்ந்து நஞ்சு உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் வரும் வாந்தி அநேகமாக ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஸ்டஃபைலோகாக்கஸ் நஞ்சும் அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள். சால்மொனெல்லா ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாள் வரை எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டும். நோரோவைரஸ் என்றால் 12 முதல் 48 மணி நேரம், அது சாப்பாட்டில்தான் வர வேண்டும் என்பதும் இல்லை, வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையிடமிருந்தும் தொற்றும்.

பெண் சாப்பிட்டது மதியம் இரண்டரை, வாந்தி காலை நாலு. பதிமூன்றரை மணி நேரம். வேகமாக வரும் அந்த இரண்டு நஞ்சுகளின் நேரம் தாண்டிவிட்டது. மற்றவற்றுக்குப் பொருந்தும், ஆனால் அதே கணக்கில் சனிக்கிழமை சாயங்காலம் தோழியின் பிறந்தநாளில் அவள் வெளுத்துக்கட்டிய பானிபூரிக்கும் பொருந்தும். மெஸ்ஸில் நாங்கள் நாலு பேரும் அதே சோறு, அதே குழம்புதான் சாப்பிட்டோம், மற்ற மூவருக்கும் ஒன்றுமில்லை. டாக்டர் எந்தப் பரிசோதனையும் எழுதவில்லை, ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொன்னார், மறுநாள் சரியாகிவிட்டது. இதை வைத்துக்கொண்டு "அந்தக் கடையில் ஃபுட் பாய்சன்" என்று நான் எழுதினால் அது வெறும் ஊகம். ஒரு மெஸ்ஸுக்கு அந்த இரண்டு சொல் போதும். நாளைக்குப் பத்துப் பேர் அதை வாட்ஸப்பில் தட்டிவிடுவார்கள், அதில் பானிபூரி இருக்காது.

நாலு பேரில் மூன்று பேர் படுத்திருந்தால்? அப்போதும் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியது வேறு. டாக்டர் சீட்டு, பில், நேரம் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குப் புகார் கொடுக்க வேண்டும். கடையில் மாட்டியிருக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சான்றிதழில் 14 இலக்க எண் இருக்கும், பில்லிலும் இருக்க வேண்டும். அந்த எண்ணோடு அவர்களுடைய ஃபுட் சேஃப்டி கனெக்ட் வழியாகப் புகார் செய்யலாம். அதிகாரி சமையலறைக்குள் போகலாம், மாதிரி எடுக்கலாம். நான் போக முடியாத இடத்துக்கு அவர் போகலாம் என்பதுதான் வித்தியாசம்.

இவ்வளவு யோசிக்க வேண்டுமா, சாப்பிட்டவனுக்கு எழுத உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் எவ்வளவு தூரம் என்பதற்குத் தைவானில் நடந்த ஒரு வழக்கு எனக்கு நல்ல அளவுகோலாகத் தெரிகிறது. 2008 ஜூலையில் தாய்ச்சுங் நகரத்தில் ஒரு பெண் ஒரு மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடையில் சாப்பிட்டுவிட்டுத் தன் வலைப்பதிவில் எழுதினார். மூன்று விஷயம். சாப்பாடு எல்லாம் உப்பு. கடையில் கரப்பான்பூச்சி. வாடிக்கையாளர்கள் கண்டபடி வண்டி நிறுத்த விட்டுத் தெருவை அடைக்கும் கடைக்காரர் ஒரு ரவுடி. கடைக்காரர் வழக்குப் போட்டார். 2011 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் தாய்ச்சுங் கிளை அந்தப் பெண்ணுக்கு 30 நாள் காவல், இரண்டு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, கடைக்காரருக்கு 2 லட்சம் தைவான் டாலர் இழப்பீடு என்று தீர்ப்புச் சொன்னது.

தண்டனை ரொம்ப அதிகம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு தட்டு நூடுல்ஸுக்குக் காவல் தண்டனை எல்லாம் அநியாயம். ஆனால் நீதிமன்றம் கோடு போட்ட இடத்தைப் பாருங்கள். மூன்றில் எது பெரிய குற்றச்சாட்டு? நாம் எல்லோரும் கரப்பான்பூச்சி என்போம். அதை நீதிமன்றம் விட்டுவிட்டது, அது அவர் கண்ணால் கண்டதைச் சொன்னது, அவதூறு நோக்கம் இல்லை என்று. மாட்டிக்கொண்டது உப்புதான்! ஒரே ஒரு முறை போய், உலர் நூடுல்ஸும் தொட்டுக்கொள்ள ஏதோவும் மட்டும் சாப்பிட்டுவிட்டு, அந்தக் கடையின் சாப்பாடு எல்லாமே உப்பு என்று எழுதியிருக்கக்கூடாது என்றார்கள். "நான் சாப்பிட்ட நூடுல்ஸ் உப்பு" என்று எழுதியிருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

என் பக்கத்தில் "எப்போதுமே இப்படித்தான் போல" என்று ஒரு வரி இருந்தது. நான் அங்கே போனது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடித்தேன்.

தலைப்பையும் மாற்றினேன். அதற்குக் காரணம் பிரான்ஸ். கேப் ஃபெரே என்ற கடற்கரை ஊரில் இல் ஜார்தீனோ என்ற உணவகத்தைப் பற்றி 2013 ஆகஸ்டில் ஒரு பெண் பதிவர் எழுதினார், கேப் ஃபெரேயில் தவிர்க்க வேண்டிய இடம் என்ற அர்த்தத்தில் தலைப்பு வைத்து. கடையின் பெயரைக் கூகிளில் தேடினால் முதல் சில முடிவுகளிலேயே அந்தத் தலைப்பு வந்து நின்றது. 2014-ல் நீதிமன்றம் தலைப்பை மாற்றச் சொல்லி, 1,500 யூரோ இழப்பீடும் 1,000 யூரோ வழக்குச் செலவும் கட்டச் சொன்னது. உள்ளே எழுதிய சேவைக் குறைகளைத் திருத்தச் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பும் எனக்கு முழுக்க உடன்பாடில்லை. ஆனாலும் ஒன்று உண்மை. பதிவைப் பத்துப் பேர் படித்தால் தலைப்பை ஆயிரம் பேர் பார்ப்பார்கள். உள்ளே நான் எத்தனை நியாயமாக இருந்தாலும் தலைப்பு மட்டும் போய்ச் சேருகிறவருக்கு அந்த நியாயம் போய்ச் சேராது.

நம் சட்டம் எப்படி? முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, 500. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. இரண்டு வருஷம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. பலருக்குத் தெரியாத விஷயம், இந்தப் பிரிவின் கீழ் உண்மை என்பது மட்டுமே போதாது, அதைச் சொல்வது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். இன்னொரு விலக்கு, தன் நலனையோ பிறர் நலனையோ காப்பதற்காக நல்லெண்ணத்தோடு சொல்வது. நல்லெண்ணம் என்றால் மனசு நல்ல மனசாக இருந்தால் போதாதாம், உரிய கவனத்தோடு விசாரித்திருக்க வேண்டும் என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. நான் வக்கீல் இல்லை, யாருக்காவது நோட்டீஸ் வந்தால் வக்கீலைப் பாருங்கள். ஆனால் போனில் இரண்டு படத்தின் நேரத்தைப் பார்ப்பது, பில்லை எடுத்துப் படிப்பது, கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்பது, இதெல்லாம்தான் அந்தக் கவனம் என்று புரிந்துகொள்கிறேன்.

கடைக்காரரைக் கேட்கத்தான் புதன்கிழமை ராத்திரி போனேன். கேட்க வேண்டியது விலை. பலகையில் வஞ்சிரம் 160, பில்லில் 220. "கொள்ளை" என்றும் "ஏமாற்று" என்றும் எழுதியிருந்தேன். ஏமாற்று என்பதற்கு வேண்டுமென்றே செய்தார் என்று அர்த்தம், அது அவர் மனசுக்குள் இருப்பது.

போன நேரம் தப்பு, எட்டரை மணி, நல்ல கூட்டம். "அண்ணே, ஞாயித்துக்கிழமை மீனுக்கு அறுபது ரூபா அதிகம் போட்டிருக்கீங்க" என்றதும் கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல், "பிடிக்கலைன்னா வேற கடை இருக்குல்ல சார்" என்றார். சுர்ரென்றது. ஒரு ஓரமாக நின்றேன். அக்காதான் (அவர் மனைவி) உள்ளிருந்து வந்து, "என்னாங்க, அவரு என்னமோ கேக்குறாரு பாரு" என்று சொல்ல, பில்லைக் காட்டினேன். அப்புறம் இறங்கி வந்தார்.

"போர்டு பழசு சார். வஞ்சிரம் என்னா விலை விக்குதுன்னு தெரியும்ல? எழுதுற பையன் வரல. வாயால சொல்லிடச் சொல்லித்தான் வெச்சிருக்கேன்."

"எங்க கிட்ட யாரும் சொல்லலையேண்ணே."

"ஞாயித்துக்கிழமை மாஸ்டரும் லீவு, எல்லாம் குழப்பம் சார்."

இரண்டு துண்டுக்கும் சேர்த்து நூற்றிருபது ரூபாயை எண்ணிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன், அது என் காசு. கூடவே ஒரு பிரியாணி பொட்டலம் கட்டச் சொன்னார், அதை வேண்டாம் என்றேன். நூற்றிருபதைத் திருப்பிக் கொடுத்ததை எழுதிவிடலாம், பிரியாணியை வாங்கிக்கொண்டு எழுதினால் என் எழுத்துக்கு என்ன மரியாதை?

வேற கடை இருக்குல்ல என்று சொன்னதை எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். சொன்னது நிஜம். ஆனால் கூட்ட நேரத்தில் கல்லா முன்னால் போய் நாலு பேர் கேட்கக் கணக்குக் கேட்டது நான். அதையும் சேர்த்து எழுதினால் எழுதலாம், அதை விட்டுவிட்டு அவர் சொன்னதை மட்டும் எழுதக்கூடாது. சாப்பாட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை என்பதால் இரண்டையுமே விட்டுவிட்டேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அதுவும் பெயர் இல்லாமல் :-)

ஆபீசில் ஒரு நண்பர், சேலத்துக்காரர், "பாவம்யா, நம்மாளு, கடன் வாங்கி நடத்துறாரு, எதுக்கு எழுதிக்கிட்டு, விட்டுரு" என்றார். ஊர்விட்டு ஊர் வந்த நாம் எல்லோரும் சொல்வதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடும் பையன்களும் நம்மாட்கள்தான். வேகாத மீனும் சோப்பில்லாத குழாயும் அவர்கள் வயிற்றுக்குத்தான் போகிறது. ஒன்றுமே எழுதாமல் விடுவது கடைக்காரருக்கும் நல்லதில்லை, முகத்துக்கு நேரே சொல்லாமல் அடுத்த வாரத்திலிருந்து போகாமல் நின்றுவிடுவதுதான் நம் வழக்கம், ஏன் கூட்டம் குறைகிறது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. இதே நண்பர் இன்னொரு கடைக்கு "அம்மா கைமணம், பெங்களூரிலேயே இதுதான் நம்பர் ஒன்" என்று ஐந்து நட்சத்திரம் போட்டவர். பெங்களூரில் எத்தனை கடையில் சாப்பிட்டிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. தைவான் பெண்ணின் உப்பும் இவருடைய நம்பர் ஒன்னும் ஒரே வகைதான், பாராட்டுக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் கூகிள் மேப்பில் என் சொந்தப் பெயரிலேயே போட்டது இது. கடையின் பெயர் மட்டும் இங்கே இல்லை.

"ஒரு ஞாயிறு மதியம் 2 மணிக்கு நாலு பேர் போனோம். இதுதான் முதல் தடவை. இலையில் சோறு வர 27 நிமிஷம் ஆனது. ரசமும் அவரைக்காய்ப் பொரியலும் அருமை, ரசம் மூன்று முறை வாங்கினேன், முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள். இரண்டாவது முறை போட்ட சோறு ஆறிக் கட்டியாக இருந்தது. வஞ்சிரம் வறுவல் முள்ளருகே வேகவில்லை, சொன்னதும் அதே துண்டைத் திரும்பப் பொரித்துத் தந்தார்கள். கை கழுவும் இடத்தில் அன்று சோப்பு இல்லை, மேஜை துடைக்கும் துணியால் டம்ளர் தட்டையும் துடைத்ததைப் பார்த்தேன். மீனுக்குப் பலகையில் 160, பில்லில் 220. பிறகு கேட்டபோது பலகை பழசு என்றார் உரிமையாளர், இரண்டு துண்டுக்கான வித்தியாசம் 120 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அன்று வழக்கமான மாஸ்டர் லீவு என்றும் சொன்னார். மீன் வாங்குவதானால் விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்."

"கோபமே தெரியலையே" என்றாள் தங்கமணி. படிக்கிறவர்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், எச்சில் துணி வரியில்.

அதில் "முதல் தடவை" என்ற வார்த்தையை விடக்கூடாது என்று மட்டும் பிடிவாதமாக இருந்தேன். ஒரு தடவை போனவனின் சாட்சிக்கு ஒரு தடவையின் மதிப்புதான், படிக்கிறவர் அதைத் தெரிந்துகொண்டு எடை போடட்டும்.

ஒரு மாதம் கழித்து அந்த வழியாக பெங்களூர் கிழக்கு ஸ்டேஷனுக்குப் போகும்போது எட்டிப் பார்த்தேன். கை கழுவும் இடத்தில் ஒரு பச்சை நிறத் திரவ சோப்பு பாட்டில் கம்பியில் கட்டித் தொங்கியது. பலகையில் வஞ்சிரத்துக்கு நேராக இருந்த 160-ஐ அழித்திருந்தார்கள், புது விலை எழுதவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது. இரண்டையும், பார்த்த மாதத்தைப் போட்டு, பழைய குறிப்புக்குக் கீழே சேர்த்துவிட்டேன்.